ஒரே 2.1, இரண்டு பெயர்

மேசையில் இரண்டு தாள்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. கிருஷாந்தி முதலில் வலப்பக்கத் தாளைப் பார்த்தாள். அது அவளுடையது. பிறகு இடப்பக்கத் தாளைப் பார்த்தாள். அதுவும் அவளுடையதுதான். ஆனால் மேலே வேறு ஒருத்தியின் பெயர் இருந்தது.

"வாசிச்சுப் பாருங்க," என்றார் மைக்கல் சேர். அட்டனில் புதிதாகத் திறக்கப்போகிற அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் லேபுக்கு அவர்தான் பெரியவர். பக்கத்தில் ஆளெடுக்கும் பிரிவின் தனுஜா மிஸ், மூடியைக் கழற்றிய பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

வாசிக்க என்ன இருக்கிறது? ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு மனப்பாடம். கொழும்பில் அவள் வேலைசெய்த லேபில் தரம் பார்க்கும் அதிகாரி ஒருவர் இருந்தார். "உன்னைப் பத்தி நாலு பெரிய வார்த்தை எழுதாத. என்ன முறை, என்ன மெசின், எவ்வளவு சரியா வரும், இந்த மூணையும் எழுது. முன்னப்பின்ன தெரியாதவன் ஒரே மூச்சில வாசிச்சு விளங்கிக்கணும்," என்று அவர் சொன்னதைக் கேட்டு, பகல் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து அவள் செதுக்கிய சுருக்கம் அது. பயோடேட்டாவின் தலைமாட்டில், தன் பெயருக்குக் கீழே, அரைப் பக்கத்துக்கு அதை வைத்திருந்தாள்.

இரத்தச் சீனி: நொதி முறை. தானியங்கி இரசாயன மெசின். தினமும் காலையில் நோயாளியின் இரத்தம் வைக்குமுன் அளவு தெரிந்த இரண்டு மாதிரிகளை ஓட்டிப் பார்ப்பது. மாத மாறுபாடு நூற்றுக்கு 2.1 வீதம், லேப் வைத்திருந்த எல்லை 3 வீதம். முழு இரத்த எண்ணிக்கை: மின்தடை முறை. ஹீமோகுளோபின் மாறுபாடு 1.2 வீதம். அளவுக்குழாய்கள்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை காய்ச்சி வடித்த தண்ணீரை உறிஞ்சி, தராசில் நிறுத்துச் சோதிப்பது. நூறு மைக்ரோலீற்றரில் பிழை 0.8 வீதத்துக்குள்.

இடப்பக்கத் தாளிலும் இதே. ஒரு காற்புள்ளி கூட மாறவில்லை.

"எல்லை மூணுன்னு பத்து பேர் எழுதலாம்," என்றார் மைக்கல் சேர். "அது லேபுக்கு லேப் வச்சிக்கிறது. ஆனா இந்த ரெண்டு புள்ளி ஒண்ணு இருக்கே, அது ஒரு மெசின்ல, ஒரு மாசம் பூரா ஓட்டிக் கணக்குப் போட்டு வர்றது. ஒங்க கொழும்பு மெசினுக்கும் இவங்க தலவாக்கலை மெசினுக்கும் அது எப்படிம்மா ஒண்ணா வரும்?"

"வராது சேர்."

"அப்ப யாரு யாருதப் பாத்து எழுதினது?"

"இது என்னுது சேர்! நான் எழுதினது. அந்த ரெண்டு புள்ளி ஒண்ணு எங்க லேபு மெசினுது, போன மாசிக் கணக்கு."

"வெளியில இருக்காங்களே சுதர்ஷினி, அவங்களும் அதத்தான் சொல்லப் போறாங்க," என்றார் தனுஜா மிஸ் தலையை நிமிர்த்தாமலே. "இருக்கிறது ஒரு இடம். ரெண்டு ஃபைலையும் தூக்கி ஓரத்தில வச்சிட்டா எங்களுக்கு வேலை சுலபம். வெளியில இருங்க, கூப்பிடுறோம்."

கிருஷாந்திக்குக் காது இரண்டும் சுட்டது. மூன்று வருஷமாகக் கொழும்பில் ஒரு போர்டிங் அறையில் ஆறு பேரோடு படுத்தெழும்பியவள் அவள். றொசல்லத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் அம்மா நாகலெட்சுமி தனியாக இருந்தாள். மலையில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அடுப்படிக்குப் போவாள். அட்டனில் வேலை கிடைத்தால் காலையில் அம்மாவுக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு வரலாம், இருட்டுமுன் திரும்பிவிடலாம். அதற்காகத்தான் கொழும்பு வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அதை இந்த மிஸ் ஓரத்தில் வைக்கப் போகிறாராம், வேலை சுலபமாம்!

வெளியே வாங்குப் பலகையில் ஒரு மெலிந்த பெண் மடியில் ஃபைலை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சாயம் போன நீலச் சுரிதார், காலில் புதுச் செருப்பு. கிருஷாந்தி நேரே போய் அவள்முன் நின்றாள்.

"நீதானா சுதர்ஷினி?"

"ஆமாங்க."

"வெக்கமா இல்லையா ஒனக்கு? ஊரான் வீட்டுக் கணக்கத் தூக்கி ஒன் பேரப் போட்டு வச்சிருக்க?"

அந்தப் பெண் விழித்தாள். "என்னாங்க கணக்கு?"

"ரெண்டு புள்ளி ஒண்ணு! எந்த மெசின்ல எடுத்த, சொல்லு பாப்பம்?"

"எங்க லேபில அப்புடி மெசினே இல்லீங்க அக்கா."

அவள் சொன்ன விதத்தில் கிருஷாந்தியின் வேகம் தணிந்தது. பொய் சொல்கிறவள் ஏதாவது ஒரு மெசினின் பெயரைச் சொல்லியிருப்பாள். இவளோ, உங்கள் வீட்டில் யானை இருக்கிறதா என்று கேட்டவளுக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

அதற்குள் சுதர்ஷினியை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. மைக்கல் சேர் கேட்பதும், "இல்லீங்க சேர், தொட்டதில்லீங்க," என்று அவள் சொல்வதும் கேட்டது. பிறகு தனுஜா மிஸ் சிரிக்கிற சத்தம். பெரிய சிரிப்பில்லை, மூக்கால் விடுகிற சிரிப்பு. இரண்டு பேருக்கும் பகலுக்குப் பிறகு போன் பண்ணுவதாகவும் சொன்னார். திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணின் கண்கள் நிறைந்திருந்தன.

"நான் எழுதிக் குடுத்தது வேறங்க அக்கா," என்றாள். "தமிழில எழுதிக் குடுத்தேன். அந்தண்ணன்தான் இங்கிலீசில அடிச்சித் தந்தாரு."

"எந்தண்ணன்?"

"பஸ் ஸ்டாண்டுக்கு மேல, சுமன் அண்ணன்."

கிருஷாந்திக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கிவிட்டது. போன மாதம் லீவில் வந்தபோது அவளும் அதே கடையில்தான் பென் டிரைவைக் கொடுத்து பிரிண்ட் எடுத்தாள்.

"பகலுக்குப் பொறகு போன் பண்ணுவாங்களாம். எந்திரி," என்றாள். "நட."

சுமனின் கொமியுனிகேசன் கடை ஏறுகிற படி ஒடுக்கமானது. உள்ளே ஒரு கொம்பியூட்டர், ஒரு பிரிண்டர், லோட்டரி ஒட்டிய கண்ணாடி, ஈரக்குடை நாற்றம். மலைநாட்டுப் பக்கம் வேலைக்கு மனுப் போடுகிறவர்களில் பாதிப்பேர் அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்துதான் போடுகிறார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்க ஆளில்லாமல் வளர்ந்த பிள்ளைகள், "அண்ணே, நல்லதா ஒண்ணு போட்டுக் குடுங்க," என்பார்கள். சுமனும் போட்டுக் கொடுப்பான். முன்னால் வந்தவரின் ஃபைலைத் திறந்து பெயர், விலாசம், அடையாள அட்டை நம்பர் மூன்றையும் மாற்றிவிட்டால் புது ஆளுக்குப் பயோடேட்டா ரெடி. களவு என்று அவனும் நினைத்ததில்லை, வாங்கிப் போனவர்களும் நினைத்ததில்லை. கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் படம் போடுகிற மாதிரி, அது எல்லாருக்கும் பொதுவானது.

"வாங்க தங்கச்சி!" என்றான் சுமன் வாயெல்லாம் பல்லாக. "இன்டர்வியூ எப்புடி?"

"என் சுருக்கத்த யாரக் கேட்டு இவளுக்குப் போட்டீங்க?"

"எந்தச் சுருக்கம்? ஓ, அதுவா! சும்மா சொல்லக் கூடாது, எப்பேர்ப்பட்ட சாமான். முறை ஒரு பக்கம், மெசின் ஒரு பக்கம், வீதம் ஒரு பக்கம்னு கண்ணாடி மாதிரி இருந்திச்சு. லேபுன்னு யாரு வந்தாலும் அதத்தான் போடுறேன். இதுவரைக்கும் ஏழெட்டுப் பேருக்குப் போயிருக்கும்."

"ஏழெட்டுப் பேரா!"

"தேயிலை ஃபெக்டரி லேபுக்குப் போட்ட பயலுக்குக் கூடப் போட்டேனே."

"தேயிலையில இரத்தச் சீனி பாக்கப் போறானா அவன்?"

சுமன் தலையைச் சொறிந்தான். "அத யோசிக்கல. ஆனா அவனுக்குக் கொஞ்சம் நல்லாவே போட்டேன். ஒங்களுது பூச்சியம் புள்ளி எட்டுன்னு இருந்திச்சு, பிழை குறையக் குறைய நல்லதுதானேன்னு பூச்சியம் புள்ளி ஒண்ணு ஆக்கிட்டேன்."

கிருஷாந்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்த 0.8 வெறும் எண் இல்லை. தராசுப் பெட்டியின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, மூச்சை அடக்கி, ஒரே குழாயால் பத்துத் தடவை தண்ணீர் எடுத்து, பத்துத் தடவை நிறுத்து, அறையின் வெப்பத்துக்குத் திருத்தி, சராசரி எடுத்து, அந்த எல்லைக்குள் நிற்கிறது என்று கண்ட பிறகு எழுதியது. அந்தக் குழாயே அதற்குமேல் சத்தியம் பண்ணாது. இவன் கதிரையில் சாய்ந்துகொண்டு அதை எட்டில் ஒரு பங்காக்கியிருக்கிறான்.

"சரி, இவ எழுதிக் குடுத்தது எங்க?"

"அது எதுக்கு? தூக்கிப் போட்டுட்டேன். நீங்க அதப் பாத்திருக்கணும் தங்கச்சி. ஒரு பெட்டியாம், ஒரு பல்பாம், ஜன்னல் வெளிச்சமாம். இதப் போட்டா ஆஸ்பத்திரிக்காரன் சிரிப்பானேன்னு நான்தான் காப்பாத்திவிட்டேன் புள்ளைய."

"போட்டதுக்குத்தான் அண்ணே சிரிச்சாங்க," என்றாள் சுதர்ஷினி மெதுவாக.

கிருஷாந்தி அவள் பக்கம் திரும்பினாள். "என்னா பெட்டி அது?"

சுதர்ஷினி முதலில் சொல்லக் கூச்சப்பட்டாள். பிறகு சொன்னாள். தலவாக்கலையில் ஒரு டொக்டரின் டிஸ்பென்சரியோடு ஒட்டின லேப். அவள் ஒருத்திதான். இரத்தம் படிகிற வேகத்தை நீளக் குழாயில் நிறுத்தி ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்க்கிற சோதனையை அங்கே அதிகம் எழுதுவார்கள். அறை குளிர்ந்திருந்தால் இரத்தம் மெதுவாகப் படியும், நோய் இருக்கிறவனுக்கும் இல்லையென்று வந்துவிடும். தலவாக்கலைக் குளிர் கேட்கவா வேண்டும்! அதனால் அவள் ஒரு பலகைப் பெட்டி செய்வித்து, உள்ளே சின்ன பல்பு மாட்டி, வெப்பமானி தொங்கவிட்டு, இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் முள் நிற்கிறதா என்று பார்த்துத்தான் குழாயை வைப்பாள். டெங்குக் காலத்தில் இரத்தத் தட்டுக்களை எண்ணக் கோடு போட்ட கண்ணாடித் தட்டு இருக்கிறது. இரண்டு பக்கமும் நிரப்பி இரண்டையும் எண்ணுவாள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் கழுவிவிட்டு முதலில் இருந்து. கரண்ட் போனால் பழைய மைக்ரோஸ்கோப்பின் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

"இத எழுதிக் குடுத்தியா?"

"ஆமாங்க. முறை, சாமான், எவ்வளவு வித்தியாசம் வரலாம்னு எல்லாம் எழுதித்தான் குடுத்தேன்."

கிருஷாந்திக்கு வந்த கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியவில்லை. தன்னுடையதை எடுத்தான் என்பதுகூட இப்போது பின்னால் போய்விட்டது. இவளுடையதைக் குப்பையில் போட்டிருக்கிறானே! உண்மையாகச் செய்கிற வேலையைக் கிழித்துப் போட்டுவிட்டு, கண்ணால் காணாத மெசினை இவள் தலையில் கட்டிவிட்டு, அதற்குக் காப்பாற்றினேன் என்று வேறு பேர்!

"அண்ணே, நீங்க புதுசா ஒண்ணும் காப்பாத்த வேணாம். என் ஃபைல அழிங்க. இப்ப, என் கண்ணு முன்னால."

சுமன் அழித்தான். அப்போதுதான் போன் அடித்தது. தனுஜா மிஸ்.

"கிருஷாந்தியா? நீங்க மட்டும் வாங்க. ஒங்க கொழும்பு லேபில கதைச்சோம். அது ஒங்களுதுதான்னு உறுதியாச் சொல்லிட்டாங்க. நல்ல பிள்ளைன்னும் சொன்னாங்க. சின்ன வேலை ஒண்ணு இருக்கு, முடிச்சிட்டா நாளைக்கே லெட்டர் தரலாம்."

சுதர்ஷினிக்குக் கேட்டிருக்க வேண்டும். "போங்க அக்கா," என்றாள். "நான் கீழ நிக்கிறேன். ஒங்களுக்காவது கெடைக்கட்டும்."

ஆஸ்பத்திரிக்கு ஏறுகிற வழியெல்லாம் கிருஷாந்தி அம்மாவை நினைத்துக்கொண்டே போனாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது, முதலில் என்ன வாங்குவது என்றெல்லாம் மனம் ஓடியது. அது பொய்யில்லை. மேசைமுன் உட்காரும்வரை அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

தனுஜா மிஸ் ஒரு தாளை நகர்த்தினார். தமிழிலேயே அடித்திருந்தார்கள். 'எனது தொழிற் சுருக்கத்தை சுதர்ஷினி என்பவர் எனது அனுமதியின்றி எடுத்துத் தனதாகக் காட்டியுள்ளார் என உறுதிப்படுத்துகிறேன்.' கீழே புள்ளி வரிசை.

"இது எதுக்கு மிஸ்?"

"ஒருத்தர ஏன் தள்ளினோம்னு ஃபைல்ல காரணம் இருக்கணும். இனிமே எங்க எந்தக் கிளைக்கும் அவங்க மனுப் போட முடியாது. ஒங்களுக்கும் நல்லதுதானே?"

"அவ எடுக்கல மிஸ். கொமியுனிகேசன் கடைக்காரன் போட்டது. அவ எழுதிக் குடுத்தது வேற. நான் இப்ப கடைக்குப் போயிட்டுத்தான் வாறேன். அந்தாளே சொன்னாரு."

"அடிச்சது யாரா இருந்தா என்ன? கீழ கையெழுத்துப் போட்டது அவங்கதானே? மேல உள்ளதெல்லாம் உண்மைன்னு. வாசிக்காம கையெழுத்துப் போடுற ஆள நம்பி நாங்க ரிப்போர்ட் குடுக்கவா?"

அது நியாயம்தான். அந்த நியாயமே கிருஷாந்தியை இன்னும் சூடேற்றியது.

"அப்ப அதையே எழுதுங்க மிஸ். வாசிக்காமக் கையெழுத்துப் போட்டான்னு எழுதுங்க, நானும் போடுறேன். களவெடுத்தான்னு எப்புடி எழுதுவீங்க? அவள ஒரு தடவ லேபுக்குள்ள விட்டுப் பாத்தீங்களா? என்னா சாமான்ல வேலை செய்யிறன்னு கேட்டீங்களா? சிரிச்சீங்க."

தனுஜா மிஸ்ஸின் முகம் இறுகியது. "நீங்க வேலை கேட்டு வந்திருக்கீங்க. அத மறந்துட்டுக் கதைக்காதீங்க."

மைக்கல் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மகள், கையெழுத்தப் போடுங்க. நானும் டிக்கோயா லயத்தில பொறந்தவன்தான். இந்தக் கதிரைக்கு வர்றதுக்கு எத்தனையோ தாளில போட்டிருக்கேன். ஒங்க அம்மா தனியா இருக்காங்கன்னு சொன்னீங்க."

அம்மாவின் பேரை எடுத்ததும் ஒரு நொடி அவள் கை பேனா பக்கம் போனது உண்மை. போட்டால் யாருக்குத் தெரியும்? தலவாக்கலையில் ஒரு பெண் இன்னொரு இடத்துக்கு மனுப் போட்டு, பதில் வராமல், ஏன் வரவில்லை என்று தெரியாமலே இருந்துவிடுவாள். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? மாதம் பூராவும் மாதிரி ஓட்டி, 2.1 வந்தால் 2.1 என்று எழுதி, 2.0 என்று அழகாக்காமல் வைத்திருந்தவள் அவள். ஒரு நாள் 3.4 வந்தபோது மெசினை நிறுத்திவிட்டு, வரிசையில் நின்ற நோயாளிகளிடம் ஏச்சு வாங்கியவள். ஒரு குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பொய் எழுத மாட்டேன் என்றவள், ஒரு பெண்ணைப் பற்றி எழுதலாமா?

பேனாவை எடுத்தாள். புள்ளி வரிசையைத் தொடவில்லை. அடித்திருந்த வரியைக் குறுக்கே ஒரே கோடாகக் கீறினாள். கீழே எழுதினாள்: 'இரண்டு சுருக்கமும் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் தட்டச்சுக் கடை. சுதர்ஷினி எடுக்கவில்லை. அவருடைய சொந்தச் சுருக்கத்தை இந்த ஆஸ்பத்திரி இன்னும் பார்க்கவில்லை.' அதன்கீழ் கையெழுத்தும் திகதியும் போட்டுத் தாளைத் திருப்பி நகர்த்தினாள்.

தனுஜா மிஸ் வாசித்தார். "இத நான் ஃபைல்ல வைக்க முடியாது."

"அப்ப வைக்காதீங்க. மத்தத வைக்கணும்னா என் பேர் இல்லாம வைங்க."

"இந்த வேலைய மறந்திடுங்க."

"சரிங்க மிஸ்."

மைக்கல் சேர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கதவைச் சாத்தும்போதும் திரும்பவில்லை.

கீழே தூறல் பிடித்திருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் சுதர்ஷினி குடையோடு நின்றாள். "கெடைச்சிச்சாங்க அக்கா?"

"கெடைக்கல."

"ஐயோ, ஏங்க?"

கிருஷாந்தி அவளையே பார்த்தாள். மேலே அடக்கியதெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏனா? நீ வாசிக்காமக் கையெழுத்துப் போட்டியே, அதுக்குத்தான்! அறிவிருக்கா ஒனக்கு? குளிருல இரத்தம் படியாதுன்னு பெட்டி செய்யத் தெரியுது, ஒரு தாளு கீழ பேரப் போடுறப்ப மேல என்னா இருக்குன்னு பாக்கத் தெரியாதா? இங்கிலீசு தெரியாட்டி யாரையாவது கேக்கிறது! வாய் இருக்கில்ல?"

"வெக்கமா இருந்திச்சுங்க."

"வெக்கம்! எனக்கும்தான் வெக்கம். எங்கம்மாகிட்ட போயி என்னான்னு சொல்லப் போறேனோ."

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஏசிக்கொண்டே வந்தாள். சுதர்ஷினி குடையை அவள் தலைக்கு நேராகப் பிடித்தபடி, தான் நனைந்துகொண்டு கூடவே நடந்தாள். அதுவும் கிருஷாந்திக்குக் கோபமாக இருந்தது.

தலவாக்கலை பஸ் இன்னும் நிரம்பவில்லை. படியடியில் நின்று கிருஷாந்தி கையை நீட்டினாள். "எடு அந்தத் தாள."

சுதர்ஷினி ஃபைலில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். கிருஷாந்தி முதல் வரியை இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொன்னாள். "தானியங்கி மெசின்ல இரத்தச் சீனி. செய்யிறியா?"

"மெசின் இல்லீங்க. மருந்து கலந்து, தண்ணித் தொட்டியில முப்பத்தேழில வச்சி, நெறத்தப் பாத்து அளக்கிற சின்னப் பெட்டியில."

"அப்ப இது பொய்." ஒரு கோடு. "அளவுக்குழாய நிறுத்துச் சோதிக்கிறது?"

"தராசு இல்லீங்க."

"பொய்." இன்னொரு கோடு.

கோட்டுக்குமேல் கோடாகத் தாள் கறுத்துக்கொண்டு வந்தது. கடைசியில் பெயரும் விலாசமும்தான் மிஞ்சின. கிருஷாந்தி தாளைத் திருப்பி வெறும் பக்கத்தைப் பஸ்ஸின் தகரத்தில் வைத்தாள்.

"தட்டு எண்ணுறப்ப ரெண்டு பக்கத்துக்கும் வழமையா எவ்வளவு வித்தியாசம் வரும்? அடிச்சி விடாத. தெரிஞ்சத மட்டும் சொல்லு."

சுதர்ஷினி யோசித்தாள். "அனேகமா ஏழு எட்டு வீதங்க. கணக்கு வச்சிருக்கேன். பாத்துட்டுச் சரியாச் சொல்றேங்க."

"தங்கச்சிமாரே, ஏறுறீங்களா இல்லையா?" என்று கண்டக்டர் கத்தினான்.

"பொறுங்க!" என்று கிருஷாந்தி திருப்பிக் கத்தினாள்.